ஸ்கேன் பிடிஎஃப்: சைஸ் குறைய வேண்டும், புள்ளியும் தெரிய வேண்டும்

பத்திரம், சான்றிதழ் எதையாவது ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும்போது புகார் இரண்டு விதமாகத்தான் வரும். ஒன்று, கோப்பு பெரிது என்று தளமே வாங்காது. இல்லையென்றால் தளம் வாங்கிக்கொள்ளும், அதைத் திறந்து பார்த்தவர் எழுத்து தெரியவில்லை என்று திருப்பி அனுப்புவார். முதல் புகாரைச் சரிசெய்யப் போய் இரண்டாவதில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் சைஸ் என்றதும் எல்லோருடைய கையும் டிபிஐ மேல், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண் மேல்தான் போகிறது. நான் முதலில் பார்ப்பது கலர் மோடை, அதாவது கலரா, சாம்பல் சாயல்கள் மட்டும் உள்ள கிரேஸ்கேலா, வெறும் கறுப்பு-வெள்ளையா என்பதை. அதிலும் முழுக் கோப்புக்கும் ஒரே மோடு என்று வைக்காமல், எந்தப் பக்கத்துக்கு எது என்று பார்ப்பேன். டிபிஐ அதற்கு அப்புறம்தான்.

பேச வசதியாக ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். 20 பக்கக் கிரையப் பத்திரம். முதல் மூன்று பக்கம் நிறப் பின்னணி கொண்ட முத்திரைத்தாள், அடுத்த பதினாறு பக்கம் வெள்ளைத்தாளில் தட்டச்சு, கடைசிப் பக்கத்தில் புகைப்படமும் கைரேகையும். எல்லாவற்றையும் 300 டிபிஐ கலரில் எடுத்ததில் 24 எம்பி வந்திருக்கிறது. தளம் கேட்பது 5 எம்பிக்குள்.

"கோப்பு ரொம்பப் பெரிது, தளம் ஏற்கவில்லை"

எந்தப் பொத்தானையும் அழுத்துவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எளிய வழி, கோப்பின் சைஸைப் பக்க எண்ணிக்கையால் வகுப்பது. நம் பத்திரத்தில் பக்கத்துக்கு 1.2 எம்பி வருகிறது. தட்டச்சுப் பக்கத்துக்கு இது அநியாயம். கறுப்பு எழுத்தும் வெள்ளைத்தாளும் மட்டும் இருக்கிற பக்கம், சரியான மோடில் எடுத்தால், 300 டிபிஐயிலேயே 100 கேபிக்குள் அடங்கிவிடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. `poppler-utils` என்ற தொகுப்பில் வரும் ஒரு கட்டளை, பிடிஎஃப்பில் உள்ள ஒவ்வொரு படத்தின் ஜாதகத்தையும் வரிசையாகக் கொடுத்துவிடும்:

```
pdfimages -list pathiram.pdf
```

வரும் பட்டியலில் நான்கு இடத்தைப் பார்த்தால் போதும். `color` என்ற இடத்தில் `rgb` என்றிருந்தால் கலர், `gray` என்றிருந்தால் கலர் இல்லை. `bpc` 8 என்றால் ஒவ்வொரு பிக்சலிலும் நிறத்துக்கு 256 சாயல், 1 என்றால் அசல் கறுப்பு-வெள்ளை. `enc` என்பது சுருக்கும் முறை: `jpeg`, `ccitt`, `jbig2` இப்படி ஏதாவது இருக்கும். `x-ppi` தான் உண்மையான டிபிஐ. நம் பத்திரத்தில் எல்லாப் பக்கமும் `rgb`, 8, `jpeg`, 300 என்று இருக்கும். நோய் தெரிந்துவிட்டது.

இந்த எண்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் 2480-க்கு 3508, அதாவது கிட்டத்தட்ட 87 லட்சம் பிக்சல் வரும். கலரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 3 பைட், சுருக்காமல் 26 எம்பி. கிரேஸ்கேலில் 1 பைட், 8.7 எம்பி. கறுப்பு-வெள்ளையில் ஒரு பைட்டுக்குள் எட்டு பிக்சல் உட்கார்ந்துவிடும், 1.1 எம்பிதான். இதைப் பார்த்ததும் கலரிலிருந்து கிரேஸ்கேலுக்குப் போனாலே சைஸ் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று தோன்றும். ஆகாது. ஜேபெக் முறையே நிறத் தகவலை ஏற்கெனவே நன்றாக நசுக்கித்தான் வைக்கிறது, அது இடம் செலவழிப்பது பெரும்பாலும் வெளிச்சம் இருட்டு வித்தியாசத்துக்கு. அதனால் வெள்ளைத்தாள் தட்டச்சுப் பக்கத்தைக் கலரிலிருந்து கிரேஸ்கேலுக்கு மாற்றினால் கொஞ்சம்தான் குறையும். கிரேஸ்கேல் போட்டும் குறையவில்லையே என்று பலர் முழிப்பது இதனால்தான்.

கறுப்பு-வெள்ளைக்குப் போனால் கதை வேறு. அங்கே சுருக்கும் முறையே மாறிவிடுகிறது. சிசிஐடிடி குரூப் 4 என்று பெயர், ஃபேக்ஸ் இயந்திரங்களுக்காக வந்தது. ஒவ்வொரு வரியிலும் கறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மேல் வரியிலிருந்து அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். வெள்ளை இடத்துக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. எழுத்தின் ஓரத்துக்கு மட்டும்தான் செலவு என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு: 300 டிபிஐயை 600 ஆக்கினால் பிக்சல் நான்கு மடங்காகும், ஆனால் கோப்பு ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகும்.

இப்போது நம் பத்திரத்தைப் பிரிப்போம். பதினாறு தட்டச்சுப் பக்கம் கறுப்பு-வெள்ளை, 300 டிபிஐ, பக்கத்துக்கு 50 கேபி என்று வைத்தால் 0.8 எம்பி. மூன்று முத்திரைத்தாள் கலர், 200 டிபிஐ, நடுத்தர ஜேபெக் தரத்தில் தலா 400 கேபி, ஆக 1.2 எம்பி. புகைப்படப் பக்கம் கிரேஸ்கேல் 200 டிபிஐ, 300 கேபிக்குள். மொத்தம் இரண்டரை எம்பிகூட வரவில்லை. 5 எம்பி கேட்ட இடத்தில் பாதிதான் ஆகியிருக்கிறது, அதுவும் தட்டச்சுப் பக்கத்தில் டிபிஐயைத் தொடாமலேயே.

விண்டோஸில் `NAPS2` என்ற இலவச மென்பொருள் இதற்கு வசதி. `24-bit Color` ஒன்று, `Grayscale` ஒன்று, `Black & White` ஒன்று என்று மூன்று ப்ரொஃபைல் செய்து வைத்துக்கொண்டு, பக்கத்துக்குத் தக்கபடி மாற்றி மாற்றி ஸ்கேன் செய்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேமிக்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மோடு மாற்றச் சோம்பலாக இருந்தால் தட்டச்சுப் பக்கங்களை மொத்தமாக முதலில் எடுத்துவிட்டு, மற்றதை அப்புறம் எடுத்து, பக்கங்களை இழுத்து வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

"கறுப்பு-வெள்ளை போட்டேன், அப்போதும் குறையவில்லை"

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம்.

கைபேசி ஸ்கேன் ஆப் பயன்படுத்தினால் முதல் சந்தேகம் ஆப் மேல்தான். அதில் வரும் கறுப்பு-வெள்ளை ஃபில்டர் பல ஆப்களில் வெறும் தோற்றம்தான். திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், சேமிப்பதென்னவோ கலர் ஜேபெக். `pdfimages` போட்டால் `rgb`, 8, `jpeg` என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கட்டளை இல்லாதவர்கள் பிடிஎஃப்பை 800 சதவீதம் பெரிதாக்கி ஓர் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அசல் கறுப்பு-வெள்ளை என்றால் ஓரம் படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. ஓரத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொடி தூவியது போலத் தெரிந்தால் அது ஜேபெக். (சில பிடிஎஃப் வியூவர்கள் காட்டும்போதே ஓரத்தை மழுப்பிவிடும், அதனால் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.)

இரண்டாவது, ஸ்கேனரில் `Halftone` என்ற வகை தேர்வாகியிருப்பது. இது புகைப்படத்தைக் கறுப்புப் புள்ளிகளை அடர்த்தியாகவும் கலைத்தும் தூவிக் காட்டும் முறை, செய்தித்தாள் படம் போல. குரூப் 4 சுருக்கம் நீளமான கறுப்பையும் நீளமான வெள்ளையையும் எதிர்பார்த்து நிற்கிறது, புள்ளி மயமாக வந்தால் அதற்கு எழுதிக் கட்டுப்படியாகாது. சில சமயம் சுருக்கிய கோப்பு சுருக்காததைவிடப் பெரிதாகக்கூட வந்து நிற்கும். எழுத்துப் பக்கத்துக்கு `Text` அல்லது `Lineart` என்று இருக்கிறதா பாருங்கள்.

மூன்றாவது, தாளின் அழுக்கு. பழைய பழுப்புத்தாளை அப்படியே கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் பின்னணி முழுக்கப் பொடிப்பொடியாகக் கறுப்பு விழும், ஒவ்வொரு பொடியும் ஓர் ஓரம், ஒவ்வொரு ஓரமும் பைட். பக்கத்துக்கு 50 கேபி வர வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் மட்டும் 400 கேபி வந்திருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், அநேகமாகப் பின்னணியில் மணல் கொட்டியிருக்கும்.

"எழுத்து தெரிகிறது, புள்ளி காணோம்"

தமிழ் ஆவணத்துக்கு என்று தனியாக இருக்கிற தொல்லை இது. ஆங்கிலப் பக்கத்துக்கு எழுதப்பட்ட அறிவுரையில் 150 டிபிஐ போதும் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். அந்த எழுத்தில் தொலைந்து போகக்கூடிய சின்ன உறுப்பு ஆங்கில i-யின் தலைப்புள்ளிதான், அது போனாலும் யாரும் தடுமாறாமல் படித்துவிடுவார்கள். நமக்குப் புள்ளி போனால் வேறு எழுத்து. 'கல்' என்பது 'கல' ஆகும். கதை படிக்கும்போது பரவாயில்லை, சூழலை வைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம். பத்திரத்தில் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் இனிஷியலும் இருக்கிறதே, அதை எந்தச் சூழலை வைத்து ஊகிப்பது?

புள்ளியின் அளவை வைத்தே டிபிஐயை முடிவு செய்யலாம். சாதாரணத் தட்டச்சில் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டருக்கும் கீழே. 0.4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டிபிஐயில் ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டர், புள்ளிக்கு ஒன்றரை பிக்சல்தான் கிடைக்கும். 150-ல் இரண்டேகால், இரண்டரை. 200-ல் மூன்று. 300-ல் ஏறக்குறைய ஐந்து. கிரேஸ்கேலில் மூன்று பிக்சல் புள்ளி தப்பித்துவிடும், ஏனென்றால் பாதி மூடிய பிக்சல் பாதிச் சாம்பலாகப் பதிவாகும், கண் அதைப் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். கறுப்பு-வெள்ளையில் அந்தச் சலுகை கிடையாது, பாதி மூடியது கறுப்பாக வேண்டும் இல்லை வெள்ளையாக வேண்டும். அதனால்தான் கறுப்பு-வெள்ளைக்கு 300-க்குக் கீழே போக வேண்டாம் என்கிறேன், கிரேஸ்கேலுக்கும் கலருக்கும் 200 போதும் என்கிறேன். எழுத்து ரொம்பப் பொடி, அடிக்குறிப்பு அளவில் இருக்கிறது என்றால் கறுப்பு-வெள்ளையில் தைரியமாக 400 அல்லது 600 வையுங்கள், சைஸ் பெரிதாக ஏறாது என்று மேலேயே பார்த்தோம்.

300 வைத்தும் புள்ளி போகிறது என்றால் இரண்டு இடத்தைச் சோதியுங்கள். ஸ்கேனர் மென்பொருளில் `Despeckle` அல்லது `Remove dots` போன்ற பெயரில் தூசி நீக்கும் வசதி இருக்கும், சில இயந்திரங்களில் அது யாரும் கேட்காமலே இயக்கத்தில் இருக்கும். தனியாக நிற்கிற சின்னக் கறுப்பைத் தூசி என்று நினைத்து அழிப்பதுதான் அதன் வேலை. மெய்யெழுத்தின் புள்ளியும் தனியாக நிற்கிற சின்னக் கறுப்புதான், அதற்கு வித்தியாசம் தெரியாது. தமிழ்ப் பக்கத்துக்கு இதை அணைத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது த்ரெஷோல்டு, அதாவது எந்தச் சாம்பல் வரை கறுப்பாகக் கொள்வது, எதிலிருந்து வெள்ளை என்பதற்கான எல்லை. சில மென்பொருளில் கறுப்பு-வெள்ளை மோடில் `Brightness` என்று இருப்பது இதைத்தான் நகர்த்தும். பக்கம் மங்கலான பிரதி என்றால் மெல்லிய கோடும் புள்ளியும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய் வெள்ளையாகிவிடும், பிரைட்னஸைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அதிகம் குறைத்தால் எதிர்க் கோளாறு வரும்: ஞ, ஷ, இ போன்ற எழுத்துகளின் உட்சுழி அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும். புள்ளியும் நிற்க வேண்டும், சுழியும் திறந்திருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தைப் பிடிப்பதுதான் வேலை.

ஒவ்வொரு தடவையும் ஸ்கேனரை ஓட்டிப் பார்த்து அந்த இடத்தைத் தேடுவதைவிட, கிரேஸ்கேலில் ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டு கணினியில் வெட்டிப் பார்ப்பது நல்லது. நான் பெரும்பாலும் லினக்ஸில் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளை வைத்து இப்படித்தான் செய்கிறேன்:

```
scanimage --mode Gray --resolution 300 --format=png > p05.png
magick p05.png -density 300 -units PixelsPerInch \
  -threshold 60% -compress Group4 p05.tif
```

60 என்பதை 50, 55, 65 என்று மாற்றிப் பார்த்து, பக்கத்திலேயே பொடியான எழுத்து இருக்கும் இடத்தை 400 சதவீதத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். எண்ணைக் கூட்டினால் கறுப்பு கூடும். ஒரே தாள், ஒரே மை என்றால் ஒரு பக்கத்துக்குப் பிடித்த எண்ணை மற்ற பக்கங்களுக்கும் வைக்கலாம். பழைய இமேஜ்மேஜிக் என்றால் `magick` என்ற இடத்தில் `convert` என்று அடிக்க வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் சேர்க்க:

```
img2pdf p01.jpg p02.jpg p03.jpg p04.tif p05.tif -o pathiram.pdf
```

இந்த `img2pdf` ஜேபெக்கையும் குரூப் 4 படத்தையும் மறுபடி நசுக்காமல் அப்படியே எடுத்து வைக்கும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் படத்துக்குள் டிபிஐ எண் எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கம் ஏ4 அளவைவிடப் பெரிய போஸ்டராக வந்து நிற்கும். மேலே `-density 300` போட்டது அதற்காக.

"சைஸ் குறைந்துவிட்டது, எழுத்து மங்கிவிட்டது"

இது பெரும்பாலும் ஸ்கேனில் வந்த கோளாறு இல்லை, அதற்கு அப்புறம் எங்காவது 'கம்ப்ரஸ்' செய்ததில் வந்தது. அந்தக் கருவிகள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான், கலரைக் கலராகவே வைத்துக்கொண்டு டிபிஐயை 150-க்கோ 72-க்கோ இறக்கி மறுபடி ஜேபெக் ஆக்குவது. கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் `/ebook` என்றால் கலர், கிரே படங்களுக்கு 150, `/screen` என்றால் 72. நம் 24 எம்பி பத்திரத்தை `/ebook` வழியாக விட்டால் அதுவும் 5 எம்பி பக்கத்தில் வந்து நிற்கலாம். கேட்ட சைஸ் வந்துவிட்டது, ஆனால் பதினாறு தட்டச்சுப் பக்கத்திலும் புள்ளிக்கு இரண்டு பிக்சல்தான் மிச்சம், அதுவும் இரண்டு முறை ஜேபெக் ஆகி ஓரமெல்லாம் கரைந்து.

ஜேபெக் புகைப்படத்துக்காக உருவான முறை, சாயல் மெதுவாக மாறும் இடத்தில்தான் அது திறமையாக வேலை செய்யும். எழுத்து என்பது வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரே பாய்ச்சல். படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்போது இந்தப் பாய்ச்சல் விழுந்த கட்டம் முழுக்க அலை அலையாகச் சாம்பல் சிதறும். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது மாதிரி தெரிவது இதுதான்.

இப்படி மங்கிய கோப்பிலிருந்து கூர்மையைத் திரும்ப எடுக்க வழியில்லை. `Sharpen` போட்டால் கொசுவும் சேர்ந்து கூர்மையாகும். 150-ஐ 300 ஆக்கிச் சேமித்தால் இருக்கிற இரண்டு பிக்சல் நான்காக நீளும், புதிதாக ஒன்றும் தெரியாது. அசல் 24 எம்பி கோப்பு கையில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், தாளை மறுபடி ஸ்கேன் செய்யக்கூடத் தேவையில்லை. பக்கங்களைப் படமாக வெளியே எடுத்து, தட்டச்சுப் பக்கங்களை மட்டும் மேலே சொன்ன முறையில் வெட்டினால் போதும். படமாக எடுக்க:

```
pdfimages -all pathiram.pdf p
```

கோப்பும் இல்லையென்றால் தாளை மறுபடி கண்ணாடி மேல் வைக்க வேண்டியதுதான். இடையில் ஒன்று: முகம் தெரியாத கம்ப்ரஸ் தளத்தில் சொத்துப் பத்திரத்தையும் ஆதாரையும் ஏற்றுவது எனக்குப் பிடிக்காத காரியம், இந்த வேலை எல்லாம் சொந்தக் கணினியிலேயே முடிகிறது.

ஸ்கேனர் பெட்டியில் போட்டிருக்கும் 9600, 19200 போன்ற எண்களில் மயங்கியும் சிலர் இதே இடத்துக்கு வருகிறார்கள். ஆப்டிகல் என்று குறிப்பிட்ட எண் மட்டும்தான் ஸ்கேனர் உண்மையாகப் பார்ப்பது, அதற்கு மேலே இருப்பதெல்லாம் மென்பொருள் இட்டு நிரப்புவது.

கைபேசி என்றால் டிபிஐ அமைப்பே கிடையாது, தூரம்தான் டிபிஐ. 12 மெகாபிக்சல் படம் நீளவாக்கில் 4000 பிக்சல், ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம். தாள் சட்டத்தை முழுதாக நிரப்பினால் 340 டிபிஐ அளவுக்குக் கிடைக்கும். தாளைச் சுற்றி மேசையும் கையும் தெரியும்படி தூரத்திலிருந்து எடுத்து, தாள் சட்டத்தில் பாதி நீளம்தான் வருகிறது என்றால் 170. அப்புறம் ஆப் அதை வெட்டி நேராக்கும்போது இன்னும் கொஞ்சம் கூர்மை போகும்.

"சீல் மறைந்துவிட்டது" அல்லது "முத்திரைத்தாள் கறுப்பாக வந்திருக்கிறது"

இரண்டும் ஒரே கோளாறின் இரு முகம், கறுப்பு-வெள்ளையை வைக்கக் கூடாத பக்கத்தில் வைத்தது. ஊதா சீலும் நீல மைக் கையெழுத்தும் கறுப்பு எழுத்தைவிட வெளிச்சமானவை, த்ரெஷோல்டு எழுத்துக்குச் சரியாக இருந்தால் சீல் எல்லைக்கு வெளியே போய்ப் பாதி மறையும். முத்திரைத்தாளில் இதற்கு நேர்மாறு, பின்னணி நெளிகோடுகள் எல்லைக்குள் வந்து கறுப்பாகி எழுத்தோடு கலந்துவிடும். ஒரு த்ரெஷோல்டால் இரண்டையும் காப்பாற்ற முடியாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். முத்திரைத்தாளைக் கலரில் 200-ல் எடுங்கள்.

தட்டச்சுப் பக்கத்தின் மூலையில் சின்ன சீலும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் எப்படி என்று கேட்பார்கள். கேட்கிற இடத்தைப் பொறுத்தது. படிப்பதற்கு மட்டும் என்றால் த்ரெஷோல்டைக் கொஞ்சம் கூட்டி, சீலின் எழுத்து அடையாளம் தெரியும் அளவுக்குக் கொண்டுவந்து கறுப்பு-வெள்ளையிலேயே முடிக்கலாம். சீலைச் சரிபார்க்கப் போகிறார்கள், அசலின் ஸ்கேன்தான் வேண்டும் என்கிறார்கள் என்றால் அந்தப் பக்கத்தைக் கலரில் கொடுத்துவிடுங்கள். நம் கணக்கில் இன்னும் இரண்டரை எம்பிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, பக்கத்துக்கு 400 கேபி வீதம் இன்னும் ஐந்தாறு பக்கம் கலரில் போனாலும் 5 எம்பியைத் தொடாது. கேட்கும் இடத்தில் எல்லாப் பக்கமும் கலரில் வேண்டும் என்று விதியே இருந்தால் இந்தப் பேச்சுக்கு இடமில்லை, 200 டிபிஐ கலர், ஜேபெக் தரத்தை மட்டும் குறைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் 150-க்கு இறங்குவதைவிட 200-ல் தரத்தைக் கொஞ்சம் தளர்த்துவது தமிழ் எழுத்துக்கு நல்லது.

சில அலுவலக இயந்திரங்களில் `Compact PDF`, `High Compression PDF` என்ற பெயரில் ஒரு வசதி உண்டு. பக்கத்தை இரண்டு அடுக்காகப் பிரித்து, எழுத்தைக் கறுப்பு-வெள்ளையில் அதிக டிபிஐயிலும் பின்னணியைக் கலரில் குறைந்த டிபிஐயிலும் வைக்கும். முத்திரைத்தாளுக்கு இது அருமையாக வரும், வராத பக்கத்தில் எழுத்தில் பாதி ஓர் அடுக்கிலும் பாதி இன்னொன்றிலும் போய் நிற்கும். எடுத்தபின் எல்லாப் பக்கத்தையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

"பின்பக்க எழுத்து தெரிகிறது, பின்னணி சாம்பலாக இருக்கிறது"

மெல்லிய தாளில் இரு பக்கமும் அச்சு இருந்தால் ஸ்கேனர் மூடியின் வெள்ளை, ஒளியைத் திருப்பி அனுப்பிப் பின்பக்க எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்து மூடுங்கள். பக்கம் மொத்தமாகக் கொஞ்சம் இருண்டு வரும், பின்பக்க எழுத்து போய்விடும். அந்த இருட்டைக் கணினியில் எடுத்துவிடலாம்:

```
magick p07.png -level 15%,80% p07b.png
```

80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சமானதெல்லாம் சுத்த வெள்ளையாகும், 15-க்குக் கீழே சுத்தக் கறுப்பு. கலர், கிரேஸ்கேல் பக்கங்களுக்கும் இது சைஸைக் குறைக்கும், தாளின் சாம்பல் நெளிவை எழுதி வைக்க ஜேபெக் செலவழித்த இடமெல்லாம் மிச்சமாகும்.

"எண் மாறியிருக்கிறது"

அபூர்வம், ஆனால் பத்திரத்தில் இதைவிட மோசமானது இல்லை. 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரங்களில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது அறைகளின் பரப்பளவு எண்கள் மாறி வருவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். 21.11 என்றும் 17.42 என்றும் இருந்த அறைகள் ஸ்கேனில் 14.13 என்று வந்தன. காரணம் ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை. ஒரே மாதிரி இருக்கும் எழுத்து வடிவங்களை ஒரு முறை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டும், இழப்புள்ள வகையில் 'ஒரே மாதிரி' என்பதைத் தாராளமாக எடுத்துக்கொண்டால் 6-க்குப் பதில் 8 ஒட்டப்படும். மங்கினால் மங்கியது தெரியும், இதில் எண் பளிச்சென்று இருக்கும், தப்பாக இருக்கும். நிறுவனம் பின்னர் மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் 2015-ல், ஆவணங்களைச் சட்டப்படி ஸ்கேன் செய்ய இந்த முறை கூடாது என்று சொல்லிவிட்டது.

`pdfimages` பட்டியலில் `enc` கீழே `jbig2` என்று இருந்தால் பயப்பட வேண்டாம், இழப்பில்லாத வகையும் உண்டு, ஆனால் எந்த வகை என்று அந்தப் பட்டியல் சொல்லாது. பத்திரம், கணக்கு என்றால் நான் குரூப் 4-ஐத்தான் வைப்பேன். கொஞ்சம் பெரிதாக வரும், வரட்டும். இயந்திரத்தில் முறையை மாற்ற வழியில்லையென்றால் சர்வே எண், பரப்பு, தொகை, ஆவண எண் இந்த நான்கையும் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஏற்றுங்கள்.